கடைசிப் பக்கம் முதல் பக்கத்தை என்ன பண்ணுது: ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ முடிவுகள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வாசிப்பு வட்டத்துல டிக்கன்ஸோட இந்த நாவலை எடுத்த மாசத்துல இருந்து கேள்வி வந்துகிட்டே இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். கதையை இன்னும் படிக்காதவங்க இங்கேயே நிறுத்திக்கலாம், கீழ எல்லாத்தையும் போட்டு உடைச்சிருக்கேன்.

சோகமா முடிஞ்சா திறந்த முடிவு, சுபமா முடிஞ்சா மூடின முடிவு, இவ்ளோதானே?

இல்லீங்க, நானும் ஒரு காலத்துல இப்படித்தான் நெனச்சுகிட்டு இருந்தேன். காலேஜ்ல எழுதின ஒரு அசைன்மெண்ட்ல “முடிவு சோகமாக இருப்பதால் திறந்த முடிவு”ன்னு எழுதி வெச்சேன், சார் அந்த வரிக்குக் கீழ சிவப்புப் பேனாவால கோடு போட்டு “சோகத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”னு மட்டும் எழுதிக் குடுத்தாரு. அப்ப கோவம் வந்துச்சு, இப்ப யோசிச்சா அவர் கேட்டது சரிதான்.

நாவல் முழுக்க நம்மளை ஒரு கேள்வி இழுத்துகிட்டு போகும்ல, அந்தக் கேள்விக்குக் கடைசியில பதில் வந்துடுச்சா இல்லையாங்கறதுதான் விஷயம். இந்த நாவல்ல அந்தக் கேள்வி ரொம்ப எளிமை: பிப்புக்கு எஸ்டெல்லா கெடைப்பாளா? “கெடைக்க மாட்டா”ன்னு தீர்மானமா சொல்லிட்டா அது சோகம், ஆனா கதவு மூடியாச்சு. ரெண்டு பேரையும் கைகோத்து நடக்க விட்டுட்டு அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா பாக்க சுபமா இருக்கும், ஆனா கதவு திறந்தே கெடக்கு. டிக்கன்ஸ் இந்த ரெண்டையுமே எழுதி வெச்சிருக்காரு, அதனாலதான் இந்த ஒரே நாவலை வெச்சு இவ்வளவு பேச முடியுது.

ரெண்டு முடிவா? என் புக்ல ஒண்ணுதான் இருக்கு. படிச்சே பத்து வருஷம் ஆச்சு, கதையும் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க.

பிப் அனாதைப் பையன், அக்கா வீட்டுல வளர்றான், அக்கா புருஷன் ஜோ கொல்லுப்பட்டறை வெச்சிருக்காரு. சின்ன வயசுல கல்லறைத் தோட்டத்துல ஜெயில்ல இருந்து தப்பிச்ச கைதி ஒருத்தனுக்கு பயந்துகிட்டே சாப்பாடும் அரமும் கொண்டுபோய்க் குடுக்கறான். அப்புறம் சாட்டிஸ் ஹவுஸ்ங்கற பாழடைஞ்ச பெரிய வீட்டுக்கு விளையாடப் போறான், அங்க கல்யாணம் நின்னுபோன மிஸ் ஹாவிஷாம், அவங்க வளர்க்கற பொண்ணு எஸ்டெல்லா. ஆம்பளைங்க மனசை உடைக்கறதுக்குன்னே வளர்க்கப்பட்ட பொண்ணு அவ. யாரோ முகம் தெரியாத ஒருத்தர் பணம் குடுத்து பிப்பை ஜென்டில்மேன் ஆக்கறாங்க, அது மிஸ் ஹாவிஷாம்தான், எஸ்டெல்லாவையும் நமக்குத்தான் கட்டி வெப்பாங்கன்னு அவனே முடிவு பண்ணிக்கறான். கடைசியில பாத்தா பணம் குடுத்தது அந்தக் கைதி மாக்விட்ச். எஸ்டெல்லாவும் அந்த ஆளோட பொண்ணுதான். அவ ட்ரம்மிள்ங்கற முரடனைக் கட்டிகிட்டு அடியும் உதையும் பட்டு சீரழியறா.

இது 1860 டிசம்பர்ல இருந்து 1861 ஆகஸ்ட் வரைக்கும் டிக்கன்ஸோட சொந்த வாரப்பத்திரிகை ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ல தொடர்கதையா வந்துச்சு. முதல்ல அவர் எழுதின முடிவு இது: பல வருஷம் கழிச்சு பிப் லண்டன்ல பிக்காடிலி தெருவுல ஜோவோட குட்டிப் பையனை (அவன் பேரும் பிப்தான்) கூட்டிகிட்டு நடந்து போறான். ஒரு வேலைக்காரன் ஓடி வந்து கூப்பிடறான். குதிரைவண்டியில எஸ்டெல்லா. ட்ரம்மிள் செத்துப்போய், அவ ஒரு டாக்டரை ரெண்டாம் கல்யாணம் பண்ணிட்டா. கை குடுக்கறா, அந்தக் குழந்தையைத் தூக்குங்க முத்தம் குடுக்கணும்கறா, அவனை பிப்போட குழந்தைன்னே நெனச்சுக்கறா. அவ முகத்தையும் குரலையும் வெச்சு, பட்ட கஷ்டம் இவளுக்கு ஒரு மனசைக் குடுத்துடுச்சுன்னு பிப் புரிஞ்சுக்கறான். அவ்வளவுதான், முடிஞ்சுது.

இதை அச்சுல இருக்கும்போதே படிச்ச எழுத்தாள நண்பர் புல்வர் லிட்டன் மாத்தச் சொல்லி ரொம்ப வற்புறுத்தினாரு, டிக்கன்ஸும் 1861 ஜூன்ல மாத்திட்டாரு. உங்க புக்ல இருக்கறது அந்தப் புது முடிவு: பதினோரு வருஷம் கழிச்சு பிப் ஊருக்கு வர்றான், இடிச்சுத் தள்ளின சாட்டிஸ் ஹவுஸ் தோட்டத்துல சாயங்கால மூடுபனியில எஸ்டெல்லாவைப் பாக்கறான், அவ விதவை, மறுகல்யாணம் பண்ணிக்கல. கையைப் பிடிச்சுகிட்டு வெளிய நடக்கறாங்க. பழைய முடிவை டிக்கன்ஸ் செத்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதின வாழ்க்கை வரலாறுல 1874ல அச்சடிச்சாங்க, அதுவரைக்கும் வாசகர்களுக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது.

முடிவை மாத்தினா முன்னாடி நடந்தது எப்படி மாறும்? 11ம் அத்தியாயம் 11ம் அத்தியாயம்தானே, அச்சடிச்ச வரி மாறவா போகுது?

வரி மாறாது, அந்த வரிகிட்ட நீங்க கேக்கற கேள்வி மாறும். நல்லவேளையா நீங்களே 11ம் அத்தியாயத்தைச் சொன்னீங்க, அதையே எடுத்துக்குவோம்.

அதுல சாட்டிஸ் ஹவுஸ் தோட்டத்துல வெளுத்த பையன் ஒருத்தன் பிப்பை வம்புக்கு இழுத்து சண்டை போட்டு அடி வாங்கறான் (பின்னாடி உயிர் நண்பன் ஆகப்போற ஹெர்பர்ட்தான் அது). சண்டை முடிஞ்சு பிப் கிளம்பும்போது எஸ்டெல்லா கன்னம் சிவந்து ஏதோ குஷியில நிக்கறா, வேணும்னா எனக்கு முத்தம் குடுக்கலாம்னு கன்னத்தைக் காட்டறா. பிப் குடுக்கறான். ஆனா வளர்ந்த பிறகு கதை சொல்ற பிப் அங்க ஒரு குறிப்பு வெக்கறான்: ஒரு முரட்டுப் பட்டிக்காட்டுப் பையனுக்குக் காசு போடற மாதிரி அந்த முத்தத்தை அவ போட்டா, அதுக்கு ஒரு மதிப்பும் இல்லன்னு பட்டுச்சுங்கறான்.

முதல் தடவை படிக்கும்போது இது சின்ன அவமானம், அவ்வளவுதான், தாண்டிப் போயிடுவோம். இப்ப பழைய முடிவோட சேத்துப் படிச்சுப் பாருங்க. கடைசிப் பக்கத்துல எஸ்டெல்லா மறுபடியும் ஒரு முத்தத்துல வந்து நிக்கறா, இந்தத் தடவை அவளே கேட்டுக் குடுக்கறா, வாங்கறவன் பேரும் பிப், ஆனா அது வேற பிப். காசு மாதிரி போட்ட முத்தத்துக்குப் பதிலா உண்மையான முத்தம் ஒண்ணு வருது, ஆனா அது போய்ச் சேர வேண்டிய ஆள்கிட்ட போகல, இருபது வருஷம் தாமதமா தப்பான விலாசத்துல போய் விழுது. இதைப் படிச்சுட்டு திரும்பி 11க்குப் போனீங்கன்னா அது சின்ன அவமானமா இருக்காது, இவனுக்கு அவகிட்ட இருந்து மனசார ஒரு முத்தம் கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்லன்னு தெரியும், அந்த வரி கனமாயிடும். மூடின முடிவு செய்யற வேலை இது. கணக்கை முடிச்சுடுது, அதனால முன்னாடி இருந்த ஒவ்வொண்ணுக்கும் இறுதி விலை வந்துடுது.

புது முடிவோட படிச்சா என்ன ஆகுது? அங்க முத்தமே இல்ல. குட்டிப் பிப் இருக்கான், ஜோ வீட்டு அடுப்படியில உக்காந்திருக்கான், பெரிய பிப் அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு கல்லு மேல உக்கார வெக்கறான், மாக்விட்ச் முதல் அத்தியாயத்துல இவனை உக்கார வெச்ச மாதிரி. ஆனா எஸ்டெல்லாவும் அந்தக் குழந்தையும் சந்திக்கவே இல்ல. அதனால 11ம் அத்தியாய முத்தம் முதல் முத்தமா மட்டும் நிக்குது, அதுக்கு அப்புறம் மனசார ஒண்ணு வந்துச்சா வரலையான்னு நமக்குத் தெரியாது, அந்த வரி இன்னும் கணக்கு முடியாம கெடக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம், பழைய முடிவுல எஸ்டெல்லா குழந்தை விஷயத்துல தப்பா நெனச்சுக்கறா, பிப் திருத்தினதா கதையில இல்ல. நாவல் முழுக்க தப்பாப் புரிஞ்சுகிட்டு வாழ்ந்தது அவன், கடைசியில ஒரு நிமிஷம் அந்த வேலையை அவ பண்றா.

கடைசி வரியே “பிரிவே இல்ல”ன்னுதானே சொல்லுது? அப்புறம் என்ன திறந்த முடிவு? கல்யாணம்தான்.

நிறைய பேர் அப்படித்தான் படிச்சுட்டு நிம்மதியா புக்கை மூடி வெக்கறாங்க, தப்பு சொல்லல. ஆனா அந்த வரியைக் கொஞ்சம் கிட்டக்க போய்ப் பாருங்க.

அதை டிக்கன்ஸ் ஒரே மாதிரி விட்டு வெக்கல. 1861ல பத்திரிகையிலயும் முதல் பதிப்புலயும் வந்த வரியைத் தமிழ்ல சொன்னா “அவளைப் பிரியாமையின் நிழலைக் கண்டேன்”ங்கற மாதிரி ஒரு வளைஞ்ச வாக்கியம். 1862ல இருந்து வந்த பதிப்புகள்ல “அவளை விட்டு இன்னொரு பிரிவின் நிழலைக் காணவில்லை”ன்னு மாத்தினாரு, இப்ப கடையில கெடைக்கறது பெரும்பாலும் இது. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கையெழுத்துல கடைசியா “ஒன்றைத் தவிர”ன்னும் இருந்துச்சு, அதாவது சாவைத் தவிர வேற பிரிவு இல்லன்னு. அந்த ரெண்டு வார்த்தை இருந்திருந்தா அது கல்யாண வாக்குறுதி மாதிரியே ஆயிருக்கும், கதவு சாத்தியாச்சு. அதை எடுத்துட்டாரு.

மிச்சம் இருக்கறது என்ன? “காணவில்லை.” யார் காணல? பிப். இந்த ஆளு பாத்தது எது சரியா இருந்துச்சு சொல்லுங்க. மிஸ் ஹாவிஷாம்தான் பணம் குடுக்கறாங்கன்னு பாத்தான், தப்பு. எஸ்டெல்லா தனக்குன்னு ஒதுக்கி வெச்சவன்னு பாத்தான், தப்பு. நாவலோட முக்கால்வாசி இவன் பார்வை பொய்யாப் போறதுதான் கதையே. அவன் வாயில கடைசி வாக்கியமா “நான் பாத்தேன்”ங்கற வினையைக் குடுத்துட்டு முடிச்சா, அது உத்தரவாதமா இன்னொரு எதிர்பார்ப்பா? நாவலோட தலைப்பே எதிர்பார்ப்புகள்தானே.

அதோட, அந்த வரிக்கு சற்று முன்னாடி எஸ்டெல்லா பேசற கடைசிப் பேச்சு என்னன்னு யாருமே ஞாபகம் வெச்சுக்கறதில்ல: தள்ளி இருந்தாலும் நண்பர்களாவே இருப்போம்கறா. அவ பிரிவைப் பத்திப் பேசறா, இவன் பிரிவையே பாக்கலங்கறான். ரெண்டு பேரும் ஒரே கையைப் பிடிச்சுகிட்டு ரெண்டு வேற வேற முடிவுல நிக்கறாங்க.

மூடுபனி மூடுபனின்னு எல்லா விமர்சனத்துலயும் வருதே, அது சும்மா வர்ணனைதானே?

19ம் அத்தியாயக் கடைசியைத் திறங்க. பிப் பட்டறையை விட்டு லண்டன் கிளம்பற காலை, ஊரைத் தாண்டும்போது அழறான், கோச்சுல ஏறி போகப் போக பனி விலகிடுச்சு, உலகம் எனக்கு முன்னாடி விரிஞ்சு கெடந்துச்சுன்னு முதல் பாகம் முடியுது. முதல் வாசிப்புல அது நம்பிக்கை, அவன் கூட சேந்து நமக்கும் மூச்சு வாங்கும்.

இப்ப புது முடிவோட கடைசி வாக்கியம். அன்னைக்குப் பட்டறையை விட்டுக் கிளம்பினப்ப காலைப் பனி விலகின மாதிரியே இன்னைக்கு சாயங்காலப் பனி விலகுதுன்னு பிப்பே அந்தக் காலையை இழுத்துட்டு வந்து பக்கத்துல வெக்கறான். நாம கோத்து விடவே வேண்டாம், அவனே கோத்துட்டான். பிரச்சனை என்னன்னா அன்னைக்குப் பனி விலகினப்ப தெரிஞ்ச உலகம் பொய். பணம் கைதியோடது, கனவு இவனே கட்டினது. அப்ப “அதே மாதிரி இன்னைக்கும்”னு சொன்னா, இது ஆறுதலா எச்சரிக்கையா?

கல்யாணம்தான்னு படிக்கறவங்க சொல்வாங்க, காலையில ஏமாந்தவனுக்கு சாயங்காலம் உண்மை கெடைக்குதுன்னு. அதுவும் நல்ல வாதம்தான், காலை சாயங்காலமா மாறினதுல அர்த்தம் இருக்கு. எனக்கு மத்த பக்கம்தான் சரியாப் படுது, ஏன்னா அவன் ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லல, ஒப்பிட மட்டும்தான் செய்யறான். எதுவா இருந்தாலும் ஒண்ணு நிச்சயம், இந்த முடிவைப் படிச்சவங்களுக்கு 19ம் அத்தியாயத்துல அந்தப் பனியை வெறும் நம்பிக்கையா திரும்ப ஒருக்காலும் படிக்க முடியாது. பழைய முடிவுல பனியே கிடையாது, லண்டன் தெரு, குதிரைவண்டி, அவ்வளவுதான். அந்த முடிவோட 19ம் அத்தியாயம் பழையபடி ஒரு பையனோட காலையா மட்டும் இருந்திருக்கும்.

சின்ன வயசுத் தோழி பிட்டிகிட்ட “அந்தக் கனவெல்லாம் முடிஞ்சு போச்சு”ன்னு பிப் சொல்றானே, அது உண்மையா பொய்யா?

இந்தக் கேள்வியைக் கேட்டவங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும். ஏன்னா ரெண்டு முடிவுலயும் இந்தப் பேச்சு இருக்கு, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்தான், ஒண்ணுல உண்மை இன்னொண்ணுல பொய்.

பிட்டி கேக்கறா, இன்னும் அவளை நெனச்சு ஏங்கறியான்னு. என் வாழ்க்கையில முக்கியமா இருந்த எதையும் மறக்கல, ஆனா அந்தப் பாவப்பட்ட கனவு போயே போச்சு பிட்டிங்கறான். பழைய முடிவுல இதுக்கு அப்புறம் நேரா பிக்காடிலி. அங்க அவன் அழல, துடிக்கல, அவளைப் பாத்ததுல சந்தோஷம்னு சொல்லிட்டு நகர்றான். அதனால பிட்டிகிட்ட சொன்னது நெஜம்னு ஆகுது.

புது முடிவுல அந்த வாக்கியத்துக்கு அடுத்த பத்தியிலயே ஒப்புக்கறான்: அதைச் சொல்லும்போதே, இன்னைக்கு சாயங்காலம் அந்தப் பழைய வீடு இருந்த இடத்துக்குத் தனியாப் போகணும்னு ரகசியமா நெனச்சுகிட்டு இருந்தேன், எஸ்டெல்லாவுக்காகங்கறான். ஆக வாய் ஒண்ணு சொல்லுது மனசு ஒண்ணு நெனைக்குது.

இது பிட்டியோட நிக்காது, சங்கிலி மாதிரி பின்னாடி போகும். இதுக்கு முந்தின அத்தியாயத்துலதான் பிப் ஊருக்கு வந்து பிட்டியையே கட்டிக்கலாம்னு ஒரு திட்டத்தோட வர்றான், வந்து பாத்தா அன்னைக்குத்தான் அவளுக்கும் மனைவியை இழந்த ஜோவுக்கும் கல்யாணம் நடந்திருக்கு. பழைய முடிவை வெச்சுப் படிச்சா அது ஒருத்தன் திருந்தி வந்த இடம், கொஞ்சம் லேட்டாயிடுச்சு, பாவம். புது முடிவை வெச்சுப் படிச்சா பிட்டி தப்பிச்சாளேன்னு தோணும். கட்டியிருந்தா பதினோரு வருஷம் கழிச்சும் சாயங்காலம் சாயங்காலம் இவன் அந்தத் தோட்டத்துக்குத் தனியா போயிட்டு வந்திருப்பான்.

ஆனா கதை சொல்றதே வயசான பிப்தானே, அவனுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். அப்ப நடுவுல ஏதாவது துப்பு விட்டிருப்பானே?

விட்டிருக்கான், அதுதான் இந்த விவாதத்துலயே ரொம்ப சுவாரசியமான இடம். 38ம் அத்தியாயத்துல எஸ்டெல்லா ரிச்மண்ட்ல தங்கியிருந்த நாட்களைச் சொல்லும்போது, அவகூட இருந்ததுல ஒரு மணி நேரம்கூட நான் சந்தோஷமா இருந்ததில்ல, ஆனா இருபத்திநாலு மணி நேரமும் சாகற வரைக்கும் அவ என்கூட இருக்கற சந்தோஷத்தையேதான் நெனச்சுகிட்டு இருந்தேங்கற மாதிரி ஒரு வாக்கியம் வரும். அதே அத்தியாயத்து ஆரம்பத்துல, நான் செத்த பிறகு அந்த ரிச்மண்ட் வீட்டுல பேய் உலாவினா அது என் ஆவியாத்தான் இருக்கும்னும் சொல்றான்.

யோசிச்சுப் பாருங்க, கல்யாணம் ஆகி சந்தோஷமா பக்கத்து ரூம்ல மனைவி இருக்கறப்ப ஒருத்தன் இப்படி எழுதுவானா? அவகூட ஒரு மணி நேரம்கூட சந்தோஷமா இல்லன்னு? இது கல்யாணம்தான்னு சொல்றவங்களுக்கு எதிரா வெக்கக்கூடிய பலமான சாட்சி.

ஆனா இங்க ரெண்டு ஓட்டை இருக்கு, அதையும் நேர்மையா சொல்லணும். ஒண்ணு, அவன் அந்த ரிச்மண்ட் காலத்தைப் பத்தி மட்டும் பேசியிருக்கலாம், வாழ்க்கை முழுக்கன்னு சொல்லல. ரெண்டாவது, இது பெரிசு: இந்த 38ம் அத்தியாயத்தை டிக்கன்ஸ் எழுதினப்ப அவர் மனசுல இருந்தது பழைய முடிவு. முடிவை மட்டும் மாத்தினாரே தவிர பின்னாடி போய் இந்த வரிகளை அதுக்கேத்த மாதிரி திருத்தி வெக்கல. அதனால இதை “பிப் மறைமுகமா சொல்றான்”னு எழுதினா நீங்க வாசகரா பேசறீங்க, “டிக்கன்ஸ் கல்யாணத்தை உத்தேசிக்கல”ன்னு எழுதினா எழுத்தாளரோட மனசைப் பத்திப் பேசறீங்க. முதலாவதை நிரூபிக்க புக் போதும். ரெண்டாவதுக்குக் கடிதமும் கையெழுத்துப் பிரதியும் வேணும். நிறைய கட்டுரைகள் இந்த ரெண்டையும் கலந்து குழப்பிக்கறதைப் பாத்திருக்கேன்.

அப்ப முடிவு மாறினா நாவல்ல எல்லாமே மாறிடுமா?

மாறாது. ஜோவை எடுத்துக்கோங்க. 27ம் அத்தியாயத்துல ஜோ லண்டனுக்கு பிப்பைப் பாக்க வர்றாரு, புதுச் சட்டையில நெளியறாரு, தொப்பியை வெக்க இடம் தெரியாம அது திரும்பத் திரும்பக் கீழ விழுது, பிப் அவரைப் பாத்து வெக்கப்படறான். எந்த முடிவைப் படிச்சாலும் அந்த இடம் அப்படியேதான் வலிக்கும். ஜோவோட கதை 57, 58லயே முடிஞ்சு போச்சு, அதுக்கு மேல எஸ்டெல்லா என்ன ஆனா என்ன.

எங்கெல்லாம் முடிவு பாதிக்குது, எங்க பாதிக்கலன்னு பிரிச்சுக் காட்டறதுதான் நல்ல வாதம். “இந்த முடிவு நாவல் முழுவதையும் மறுபரிசீலனை செய்ய வைக்கிறது”ன்னு எழுதினா அது எந்த நாவலுக்கும் ஒட்டும், ஸ்டிக்கர் மாதிரி.

எனக்கு இதை வெச்சு ஒரு கட்டுரை எழுதணும், எங்க இருந்து ஆரம்பிக்கறது?

கடைசிப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க. முன்னாடி இருக்கற ஒரே ஒரு காட்சியை எடுங்க, ஒண்ணு போதும், அதிகபட்சம் ரெண்டு. முடிவு தெரியாத ஆளுக்கு அந்தக் காட்சி என்ன சொல்லுதுன்னு முதல்ல எழுதுங்க, இதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, ஏன்னா முடிவு தெரிஞ்ச பிறகு தெரியாத மாதிரி படிக்கறது கஷ்டம். அப்புறம் முடிவுல எந்த வார்த்தை, எந்தப் பொருள், எந்த அசைவு அந்தக் காட்சியைத் தொடுதுன்னு விரல் வெச்சுக் காட்டுங்க. பனி பனியைத் தொடுது, முத்தம் முத்தத்தைத் தொடுது, அந்த மாதிரி. விரல் வெக்க ஒண்ணும் கெடைக்கலன்னா உங்க வாதம் வெறும் உணர்வுதான், வேற காட்சி தேடுங்க.

அதுக்கப்புறம் ஒரு சோதனை: முடிவை மாத்திப் போட்டுப் பாருங்க. இந்த நாவல்ல அது சுலபம், ரெண்டாவது முடிவு ரெடியா இருக்கு. மத்த நாவல்ல நீங்களே ஒரு வரியைக் கற்பனையா மாத்தணும். மாத்தின பிறகும் அந்தக் காட்சி அதே அர்த்தத்தைக் குடுத்தா, அந்த அர்த்தம் முடிவுல இருந்து வரல, காட்சியிலயே முதல்ல இருந்து இருந்திருக்கு, உங்க வாதம் அங்க உடைஞ்சுடுச்சு. எனக்கே மிஸ் ஹாவிஷாம் விஷயத்துல இப்படி ஆச்சு. அவங்க மனசு மாறி பிப்கிட்ட மன்னிப்பு கேக்கறது 49ம் அத்தியாயத்துல, அதை முடிவோட சேத்து மூணு பக்கம் எழுதிட்டு கடைசியில மாத்திப் போட்டுப் பாத்தா ரெண்டு முடிவுலயும் ஒரே மாதிரி நிக்குது. மூணு பக்கமும் குப்பைக்குப் போச்சு.

எது உண்மையான முடிவு?

அச்சுல வந்தது ரெண்டாவது, டிக்கன்ஸ் உயிரோட இருந்தவரைக்கும் அதையேதான் வெச்சிருந்தாரு, ஆக அதுதான் நாவல். ஃபார்ஸ்டருக்கு முதல்ல எழுதினதுதான் கதையோட போக்குக்கு ஒத்துப்போகுதுன்னு பட்டுச்சு, பெர்னார்ட் ஷா 1937ல தான் முன்னுரை எழுதின பதிப்புல பழைய முடிவையே போட வெச்சாரு. நான் ரெண்டையும் படிங்கன்னுதான் சொல்வேன், ஆனா முதல்ல அச்சுல இருக்கறதைப் படிச்சுட்டு.

தமிழ்ல இப்படி ஏதாவது இருக்கா?

பெருமாள்முருகனோட ‘மாதொருபாகன்’ உடனே ஞாபகத்துக்கு வருது. கதாநாயகன் காளி உயிரோட இருப்பானா மாட்டானான்னு சொல்லாமலே அது முடியும். பின்னாடி அவரே ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ன்னு ரெண்டு நாவல் எழுதினாரு, ஒண்ணுல காளி இறந்துட்டான், இன்னொண்ணுல பிழைச்சுட்டான். டிக்கன்ஸ் ஒரு முடிவை எடுத்துட்டு இன்னொண்ணை வெச்சாரு, இவர் திறந்த முடிவை அப்படியே விட்டுட்டு ரெண்டு வழிக்கும் தனித்தனியா ரோடு போட்டாரு. அதைப் பத்தித் தனியா எழுதணும், இங்க இடம் பத்தாது.

கடைசியா ஒண்ணு. மாக்விட்ச்தான் தன்னோட அப்பான்னு எஸ்டெல்லாவுக்கு எப்பவாவது தெரியுமா?

தெரிஞ்சதா நாவல்ல எங்கயும் இல்ல. 51ம் அத்தியாயத்துல வக்கீல் ஜாகர்ஸ் பிப்பை உக்கார வெச்சு, இந்த ரகசியத்தை வெளிய விட்டா யாருக்கு நல்லது, அப்பனுக்கா, அம்மாவுக்கா, பொண்ணுக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டு, யாருக்கும் இல்லன்னு அடக்கி வெச்சுடறாரு. 56ல மாக்விட்ச் செத்துகிட்டு இருக்கும்போது பிப் குனிஞ்சு, உன் பொண்ணு உயிரோட இருக்கா, அழகான சீமாட்டியா இருக்கா, நான் அவளைக் காதலிக்கறேன்னு சொல்றான். அப்பனுக்குச் சொல்லியாச்சு, பொண்ணுக்குச் சொல்லல.

பழைய முடிவுல இது பெருசா உறுத்தாது, தெருவுல அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போறவகிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றது. ஆனா புது முடிவுல அவ கையைப் பிடிச்சுகிட்டு அந்தத் தோட்டத்தை விட்டு வெளிய நடக்கறான் பாருங்க, அப்ப அவனுக்குத் தெரியும் அவ ஒரு கைதியோட பொண்ணுன்னு, அவளுக்குத் தெரியாது. சின்ன வயசுல இருந்து இவனைச் சுத்தி எல்லாரும் ஒரு ரகசியத்தை வெச்சுகிட்டு இவனை நடத்தினாங்க, இப்ப இவன் அதையே பண்றான். சொல்லுவானா, எப்பச் சொல்லுவான், சொன்னா அவ அந்தக் கையை விட்டுடுவாளா? பிரிவோட நிழலையே பாக்கலன்னு அவன் சொல்ற அந்த நிமிஷத்துல இதுவும் அவன் மனசுக்குள்ளதான் இருக்கு.